அக்டோபர் 27 இரவு சம்பள எக்ஸ்போர்ட் நின்றது: காரணமும் சரிசெய்த விதமும்

பெறுநர்: சம்பளப் பிரிவு மேலாளர், எபேன் அலுவலகம்
அனுப்புநர்: மென்பொருள் பராமரிப்புக் குழு
தேதி: 29 அக்டோபர் 2025

வணக்கம் மேடம்,

திங்கள் இரவு 11:30 மணிக்கு ஓடிய சம்பள எக்ஸ்போர்ட் வங்கிக் கோப்பை உருவாக்காமல் நின்றுவிட்டது. செவ்வாய் காலை கோளாறைச் சரிசெய்து மறுபடி ஓட்டினோம். 10:05க்குக் கோப்பு வங்கிக்குப் போனது, 10:20க்கு ஏற்புச் செய்தி வந்தது. வங்கி கொடுத்த கெடு 11 மணி. 30ஆம் தேதிச் சம்பளம் யாருக்கும் தாமதமாகாது. தவறான தொகையோ தவறான கணக்கு எண்ணோ வெளியே போகவில்லை.

லாகில் இருந்தது இவ்வளவுதான் (சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுவதால் அதில் 19:30 என்று இருக்கும், நமக்கு அது 23:30):

```
19:30:41 line 214: expected 120 bytes, got 122
19:30:41 export aborted, file not renamed
```

வங்கி கேட்கும் கோப்பில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி. வரி சரியாக 120 பைட் இருக்க வேண்டும். 214ஆம் வரியில் இருந்த பெயர் Désirée. பழைய சர்வரில் é ஒரு பைட். சனிக்கிழமை மாற்றிய புதிய சர்வரில் அதே எழுத்து இரண்டு பைட். நம் நிரல் பெயரை எழுத்து எண்ணி நிரப்புகிறது, வங்கியோ பைட் எண்ணிப் படிக்கிறது. இரண்டு é இருந்ததால் வரி இரண்டு பைட் நீண்டுவிட்டது.

நிரல் கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று சொல்லவே இல்லை. சர்வரின் அமைப்பு எதுவோ அதையே எடுத்துக்கொண்டது. பழையதில் அது `fr_FR.ISO-8859-1`, புதியதில் `C.UTF-8`. அதனால் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் விளைவு மட்டும் மாறியது.

சனிக்கிழமைச் சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். சோதனைக்கு எடுத்தது தலைமை அலுவலகப் பட்டியல். பிள்ளை, வீராசாமி, முனியன் என்று நம்மவர் பெயர்களைப் பிரெஞ்சு முறையில் எழுதினாலும் எழுத்தின் மேல் குறி வருவதில்லை. குறியுள்ள பெயர்கள் மொத்தம் 63, அவற்றில் பெரும்பாலானவை ரொட்ரிக்ஸ் கிளை ஊழியர்களுடையவை. அந்தக் கிளை சோதனையில் இல்லை.

பைட் சரிபார்ப்பு இல்லாமல் இருந்திருந்தால், பெயருக்குப் பின்னால் வரும் கணக்கு எண் இரண்டு இடம் தள்ளிப்போயிருக்கும். ரொட்ரிக்ஸில் இருப்பவரின் மாதச் சம்பளம் திரும்பி வந்து மறுபடி போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சரிபார்ப்பு தோற்றால் கோப்புக்கு இறுதிப் பெயர் வைக்காமல் விடும் ஏற்பாடுதான் நம்மைக் காப்பாற்றியது. வேகத்துக்காக அதை எடுத்துவிடலாம் என்று முன்பு ஒரு பேச்சு இருந்தது. தயவுசெய்து அதை எடுக்க வேண்டாம்.

மாற்றம் ஒரே வரி:

```python
# முன்பு
out = open(path, "w")
# இப்போது
out = open(path, "w", encoding="iso-8859-1")
```

குறிகளை நீக்கி Desiree என்று அனுப்பிவிடலாமா என்றும் யோசித்தோம். வேண்டாம் என்று விட்டோம். வங்கியில் பதிவான பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் அது வேறொரு சிக்கல், அதோடு ஒருவரின் பெயரை நம் வசதிக்காக மாற்றுவதும் சரியில்லை. இந்தக் குறியாக்கத்தில் இல்லாத œ போன்ற எழுத்து வந்தால் நிரல் பிழை காட்டி நிற்கும். எழுத்தை விழுங்கிவிட்டு ஓடுவதைவிட அதுவே நல்லது.

வங்கிக்கு அனுப்பும் முன் செப்டம்பர் மாதத் தரவை இரண்டு சர்வரிலும் ஓட்டி `cmp` கொண்டு ஒப்பிட்டோம், ஒரு பைட்கூட வேறுபடவில்லை. அப்புறம்தான் இந்த மாதக் கோப்பை எடுத்தோம்.

கோளாறைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, அது இரவிலேயே யாருக்கும் தெரியாமல் போனது. காலை 6:40க்குச் சம்பளப் பிரிவு எழுத்தர் கோப்பைத் தேடிக் காணாமல் அழைத்த பிறகே தெரிந்தது. கிரான் பிழையை மின்னஞ்சலில் அனுப்பும் என்று நம்பியிருந்தோம். புதிய சர்வரில் அஞ்சல் மென்பொருளே நிறுவப்படவில்லை, `No MTA installed, discarding output` என்று சிஸ்டம் லாகில் எழுதிவிட்டு எச்சரிக்கையைத் தூக்கிப் போட்டிருக்கிறது. அஞ்சலை நேற்றே சரிசெய்துவிட்டோம். ஆனால் சர்வரே படுத்துவிட்டால் அந்த அஞ்சலும் வராது. ஆகவே நேற்று இரவிலிருந்து வேறொரு கணினி 12:15க்குக் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. வராவிட்டால் பணியில் இருப்பவரின் கைபேசிக்குச் செய்தி போகும். நேற்றைய எக்ஸ்போர்ட் ஒழுங்காக முடிந்தது.

உங்களிடம் இரண்டு அனுமதி தேவை. பழைய சர்வரை இந்த வெள்ளிக்கிழமை அணைப்பதாக இருந்தோம், நவம்பர் சம்பளம் போய்ச் சேரும்வரை அதை வைத்திருக்க வேண்டும். இனி ஒவ்வொரு சர்வர் மாற்றத்துக்கும் ரொட்ரிக்ஸ் உட்பட எல்லாக் கிளைகளின் முழுப் பெயர்ப் பட்டியலையும் சோதனைக்குத் தர மனிதவளப் பிரிவிடம் சொல்லுங்கள். தொகைகள் வேண்டாம், பெயர்கள் போதும். முதலாவதற்கு மட்டும் வியாழன் மாலைக்குள் பதில் கிடைத்தால் நல்லது.