பாடும் நிலாவின் நினைவில்

பாடகர் எஸ்.பி.பி. அவர்களின் புகைப்படம் ஒன்றைப் பார்த்ததும் என் அப்பாவின் நினைவுதான் முதலில் வந்தது. 1990-இல் ‘கேளடி கண்மணி’ வெளிவந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அதில் அவர் மூச்சுவிடாமல் பாடுவதாக அமைந்த சரணம் வரும்போதெல்லாம், அப்பா சவரம் செய்வதைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட முயன்று, மூன்றாவது வரியிலேயே இருமித் தோற்றுப்போவார். அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியதில் கேசட்டின் நாடா சிக்கிக்கொள்ள, பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்வது என் வேலையாக இருந்தது. அது ஒலிப்பதிவுக் கூடத்தின் உத்தி என்று பின்னாளில் சிலர் விளக்கினார்கள். அப்பாவிடம் அதை நான் சொல்லவே இல்லை.

2020 செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி.யின் மறைவுச் செய்தி வந்தபோது, ஊரடங்குக் காலமாதலால் நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். அப்பா எதுவும் பேசாமல் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, பரண்மேல் இருந்த கேசட் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். கேட்பதற்குக் கருவி இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் தம் கையெழுத்தில் இருந்த பாடல் வரிசையை மாலைவரை படித்துக்கொண்டிருந்தார்.