காலையில் குழுவில் வந்த படத்தை நீக்கித் தரும்படி ஒரு வேண்டுகோள்

செல்வம் அண்ணாவுக்கு வணக்கம்.

குழுவில் எழுதாமல் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். எல்லோர் முன்பும் பேசினால் ஒருவருக்கு மனம் வருந்தும், அது வேண்டாம் என்றுதான்.

இன்று காலை நம் தெரு நலச்சங்க வாட்ஸ்அப் குழுவில் தலைமையாசிரியர் ஐயா ஒரு படத்தைப் பகிர்ந்திருக்கிறார். தோளில் மூட்டையுடன் ஒருவர் நிற்கிறார். கீழே, குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஆவடி பக்கம் சுற்றுகிறது, இவனைப் பிடித்தால் விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஐயாவின் பேத்தி தினமும் தெருவில்தான் விளையாடுகிறாள். நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற பதற்றத்தில்தான் அவர் அனுப்பியிருக்கிறார். அவருடைய இடத்தில் இருந்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும்.

ஆனால் அண்ணா, படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியும். குளிர்காலம் தொடங்கியதும் நம் தெருவுக்குப் போர்வை விற்க வருவாரே, அவர்தான். போன மார்கழியில் எங்கள் வீட்டிலும் இரண்டு போர்வை வாங்கினோம். அண்ணிக்கும் அவரிடம் பேரம் பேசியது நினைவிருக்கும், அண்ணியிடமே கேட்டுப் பாருங்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று காவல் நிலையத்துக்கும் போன் செய்து விசாரித்தேன். குழந்தை கடத்தல் என்று இந்தப் பகுதியில் எந்தப் புகாரும் வரவில்லை என்றார்கள். செய்தியின் மேலேயே 'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறிப்பும் இருக்கிறது. எங்கோ யாரோ எழுதியதில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிச் சுற்றவிட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

படத்தைவிட அதற்கு வந்திருக்கும் பதில்கள்தான் எனக்கு அதிகக் கவலையைத் தருகின்றன. "தெருவுக்குள் வரட்டும், பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கோபத்தில் சொன்ன வார்த்தைதான், தெரியும். 2018 மே மாதத்தில் போளூர் பக்கம் நடந்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து போன குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் வந்த இதே போன்ற வதந்தியை நம்பியிருந்த ஊர்க்காரர்கள் அவர்களைக் கடத்தல்காரர்கள் என்று நினைத்து அடித்தார்கள். வயதான அம்மா ஒருவர் இறந்தே போனார். அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். போர்வைக்காரர் நாளையே நம் தெருவுக்கு வரலாம். அவருக்குத் தமிழும் சரியாக வராது. நாலு பேர் சூழ்ந்துகொண்டால் தன்னைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்கக்கூட அவரால் முடியாது.

அதனால், அந்தப் படத்தையும், அதைச் சுட்டி வந்த பதில்களையும் இன்றைக்கே நீக்கித் தர முடியுமா அண்ணா? அட்மின் என்ற முறையில் யார் அனுப்பிய செய்தியையும் நீங்கள் எல்லோருக்குமாக நீக்கலாம். செய்தியை அழுத்திப் பிடித்தால் மேலே குப்பைத்தொட்டிப் படம் வரும், அதைத் தொட்டு, எல்லோருக்கும் நீக்குவதற்கான வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐயாவே நீக்கினாலும் நல்லதுதான். அனுப்பியவருக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வரை அந்த வாய்ப்பு இருக்கும். ஆனால் அவர் மதியம் தூங்கும்போது போனை அணைத்துவிடுவார், மாலை வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

நீக்குவதற்கு முன்போ பின்போ ஐயாவிடம் நீங்களே ஒரு வார்த்தை போனில் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். அட்மின் நீக்கினார் என்ற குறிப்பு குழுவில் தெரியும். அதை முதலில் அங்கே பார்த்தால் அவர் சங்கடப்படுவார். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், நம் எல்லோருக்கும் வேண்டியவர்.

ஏற்கெனவே பார்த்தவர்களின் போனில் படம் சேமிக்கப்பட்டிருக்கும், வேறு குழுக்களுக்கும் போயிருக்கலாம். ஆகவே நீக்கியபின் குழுவில் இப்படிச் சில வரிகள் போடலாமா என்று பாருங்கள். உங்களுக்குச் சரியென்று படும்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

"அனைவருக்கும் வணக்கம். காலையில் பகிரப்பட்ட படத்தில் இருப்பவர் நம் பகுதியில் போர்வை விற்பவர். கடத்தல் பற்றி இங்கே எந்தப் புகாரும் இல்லை என்று காவல் நிலையத்தில் உறுதி செய்துகொண்டோம். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில் பகிரப்பட்ட செய்தி அது. படத்தை யாரும் மேற்கொண்டு அனுப்பவேண்டாம், அனுப்பியிருந்தால் அங்கேயும் நீக்கிவிடுங்கள். யார் மீதாவது சந்தேகம் வந்தால் நாமே தடுத்து நிறுத்தாமல் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்போம்."

யார் அனுப்பியது என்று அதில் எழுதவேண்டாம் என்பது என் எண்ணம். நான் சொன்னதாகவும் குறிப்பிடத் தேவையில்லை. காவல் நிலையத்தில் பேசியது பற்றி யாராவது விவரம் கேட்டால் மட்டும் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

வேலை நேரத்தில் தொந்தரவு தருகிறேன், தயவுசெய்து பார்த்தவுடன் செய்துவிடுங்கள் அண்ணா. மிக்க நன்றி.

ரேவதி
நான்காவது தெரு