தவறாகச் சேர்க்கப்பட்ட உணவுக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

சென்னை - 45
19.12.2025

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
விடுதி நிர்வாகம்,
மதுரை.

பொருள்: அறை எண் 207, பில் எண் 1486 – நாங்கள் வாங்காத உணவுக்குப் பெறப்பட்ட ரூ.2,125-ஐத் திருப்பித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த 12ஆம் தேதி முதல் 14ஆம் தேதி காலை வரை நானும் என் மனைவியும் தங்கள் விடுதியில் 207ஆம் எண் அறையில் தங்கியிருந்தோம். இரண்டு இரவுகளுக்கான வாடகை ரூ.6,400, அதற்கான 5 சதவீத ஜிஎஸ்டி ரூ.320 ஆகியவை சரியாகவே உள்ளன. அவற்றில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அதே பில்லில், 13ஆம் தேதி இரவு 9.20 மணிக்கு அறைக்குக் கொண்டுவந்து கொடுத்ததாக ரூ.1,840-க்கு இரவு உணவும், அதன்மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து ரூ.2,125 எழுதப்பட்டுள்ளது.

அந்த நேரத்தில் நாங்கள் அறையிலேயே இல்லை. பள்ளியறை பூஜை பார்ப்பதற்காக மீனாட்சி அம்மன் கோயிலில் இருந்தோம். நடை சாத்திய பிறகே திரும்பினோம். அறைச் சாவியை வரவேற்பில் கொடுத்துவிட்டுத்தான் சென்றோம் என்பதால், அன்றிரவு பணியில் இருந்தவருக்கும் இது நினைவிருக்கக்கூடும். மேலும், பில்லில் மட்டன் சுக்காவும் நாட்டுக்கோழிக் குழம்பும் உள்ளன. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நான், அசைவம் வரவழைத்திருக்க வழியில்லை.

புறப்படும்போது இதைச் சுட்டிக்காட்டியதும், வரவேற்பில் இருந்த தம்பி பொறுமையாக உணவகத்தின் ஆர்டர் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். அதில் உள்ள கையெழுத்து என்னுடையதோ என் மனைவியுடையதோ அல்ல. அறை எண்ணின் கடைசி இலக்கம், தலையில் சிறு கோடு இழுத்த 1 போலத் தெரிகிறது. 201ஆம் அறைக்குப் போன உணவு 207-இன் கணக்கில் ஏறிவிட்டது என்றே கருதுகிறேன். கணக்காளர் ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றும், அவர் இல்லாமல் பில்லைத் திருத்த இயலாது என்றும் அந்தத் தம்பி கூறினார். வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால், முழுத் தொகையான ரூ.8,845-ஐ யுபிஐ வழியாகச் செலுத்திவிட்டுக் கிளம்பினேன். ஆகவே, நான் பணம் கட்டியதை அந்த உணவுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்.

சாப்பிட்டவர் யாராக இருந்தாலும், சேவைக் கட்டணத்தைக் கேட்காமலேயே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

எனவே, ஆர்டர் சீட்டைச் சரிபார்த்து, ரூ.2,125-ஐ நான் பணம் செலுத்திய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்பி, திருத்திய பில்லையும் மின்னஞ்சலில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாத இறுதிக்குள் இது முடிந்தால் உதவியாக இருக்கும். அன்று உதவிய ஊழியர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. செந்தில்வேலன்

இணைப்பு: பில் நகல், ஆர்டர் சீட்டின் புகைப்படம், யுபிஐ ரசீது.