மாதிரித் துண்டும் இரண்டாயிரம் அடித் தோலும்

ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம்: பயிற்சித் தேர்வு
நேரம்: ஒரு மணி. மதிப்பெண்: 20. சட்டப் புத்தகம் பார்க்கலாம், கைடு கூடாது.

பேரணாம்பட்டில் தோல் ஷாப் வைத்திருப்பவர் பஷீர். ஆம்பூரில் பத்துத் தையல் மெஷின் போட்டு, ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவர் செல்வி. ஜூன் 3 அன்று செல்வி பஷீரின் ஷாப்புக்குப் போய்க் கறுப்புத் தோல் ஒன்றைப் பார்த்தார். தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடித்துப் பார்க்கவில்லை. பஷீர் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்: “சரக்கு இப்படியேதான் வரும்மா. ஷூவுக்குத்தானே? தாராளமா எடுத்துக்கோ.”

மறுநாள் காலை பஷீர் போன் செய்தார். “2,000 சதுர அடி, அடி 90 ரூபா. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு.” மாலை 5 மணிக்குக் குடியாத்தம் பஸ்ஸில் இருந்தபடி செல்வி திருப்பிக் கூப்பிட்டார். “சரி பாய், 90க்கே எடுத்துக்கிறேன். 30ஆம் தேதி சென்னை ஏற்றுமதிக்காரருக்குச் சரக்கு குடுத்தாகணும், தவறினா ஆர்டர் போயிடும்.” சிக்னல் விட்டுவிட்டு வந்ததால், ஷாப்பில் இருந்த பஷீருக்குக் கேட்டது “சரி பாய், 90க்கே எடுத்துக்கிறேன்” வரைக்கும்தான். இரவு 7.40க்குச் செல்வி வாட்ஸ்அப் அனுப்பினார்: “30ஆம் தேதி ஏற்றுமதி ஆர்டர், மறந்துடாதீங்க பாய்.” நீல டிக் விழுந்தது. அப்போது போன் பஷீரின் 16 வயது மகன் கையில் இருந்தது. அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. செல்வி முன்பணம் 50,000 ரூபாய் அனுப்பினார்.

ஜூன் 14 அன்று பஷீர் தன் வண்டியிலேயே சரக்கை ஆம்பூரில் இறக்கினார். கூடவே வந்த பில்லின் அடியில் “விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது, எந்தக் குறைக்கும் நாங்கள் பொறுப்பல்ல” என்று அச்சாகியிருந்தது. செல்வி அதில் கையெழுத்திட்டார். கட்டுகளைப் பிரிக்காமல் கோடவுனில் அடுக்கினார். 24ஆம் தேதி 300 அடி வெட்டித் தைத்து, அச்சில் ஏற்றி இழுத்தபோது தோலின் மேல்பூச்சு பாளம் பாளமாக வெடித்தது. கையிலிருந்த மாதிரித் துண்டை இழுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே வெடித்தது.

ஆர்டர் ரத்தானது. அதில் 1,40,000 ரூபாய் லாபம் வந்திருக்கும். தோலைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தையும், போன லாபத்தையும் கேட்கிறார் செல்வி. மீதி 1,30,000 ரூபாயைக் கேட்கிறார் பஷீர். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றும் வாதிடுகிறார். கழிவுநீர் விட்டதற்காகப் பஷீரின் ஷாப்புக்குச் சென்ற ஆண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது.

அ) செல்வியின் கோரிக்கைகளில் எவை நிற்கும்? இருபக்க வாதங்களையும் எழுதி முடிவு சொல்லுங்கள். (16)
ஆ) ஆம்பூர் நீதிமன்றத்தில் செல்வி வழக்குப் போட முடியுமா? (4)

வாட்ஸ்அப் அனுப்பியதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். சாட்சியச் சட்டத்துக்குள் போக வேண்டாம். கதையைத் திரும்ப எழுதிப் பக்கம் நிரப்பவும் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

திருத்துபவருக்கு மட்டும்

எழுத்தில் இல்லை என்ற வாதத்தை ஒரே வரியில் தள்ளினால் போதும்: ஒப்பந்தச் சட்டம் பிரிவு 10, வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்.

கேள்வியின் உயிர், சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 17. மொத்தச் சரக்கு மாதிரியோடு ஒத்துப்போகிறது. “அப்படியானால் மீறல் இல்லை” என்று அங்கேயே நிறுத்துபவர் பாதி மதிப்பெண்ணை இழக்கிறார். நியாயமான பரிசோதனையில் தெரியாத குறை இருக்கக்கூடாது என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. அனுபவமுள்ள ஒருவர் துண்டை மடித்துப் பார்த்திருக்க வேண்டாமா? இங்கே எந்தப் பக்கம் சாய்ந்தாலும் காரணம் சொன்னால் முழு மதிப்பெண். “ஷூவுக்குத்தானே?” என்ற பஷீரின் கேள்வியைப் பிடித்துப் பிரிவு 16க்குப் போனவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

அடுத்து, பத்து நாள் சும்மா வைத்திருந்ததும் 300 அடியை வெட்டியதும். பிரிவு 42இன்படி சரக்கை ஏற்றுக்கொண்டதாகிவிட்டால், பிரிவு 13(2)இன்படி திருப்பிக் கொடுக்க முடியாது, நட்ட ஈடு மட்டும்தான். குறை வெட்டித் தைத்த பிறகே தெரியும் என்ற பதில் வாதத்தையும் எதிர்பார்க்கிறேன். பில்லின் அச்சு வரி ஒப்பந்தம் முடிந்து பத்து நாள் கழித்து வந்தது. கையெழுத்து அதைப் பிரிவு 62 சொல்லும் உடன்பாடாக மாற்றுமா என்று கேட்டிருக்க வேண்டும்.

லாப இழப்புக்கு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73, ஹாட்லி வழக்கு (1854). ஒப்பந்தம் முடிந்தபோது பஷீருக்கு ஏற்றுமதி பற்றித் தெரியுமா என்பதே கேள்வி. மெசேஜ் 7.40க்குத்தான் வந்தது. ஒப்பந்தம் 5 மணிக்கே முடிந்துவிட்டது. இந்த நேர வித்தியாசத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. எல்லோரும் மகனின் வயதைப் பிடித்துக்கொண்டு மைனர் ஒப்பந்தம், மோஹரி பீபி என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். அவன் ஒப்பந்தமே செய்யவில்லை, மதிப்பெண் இல்லை. நோட்டீஸும் அப்படித்தான். தோல் என்றதும் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கை (1996) ஒப்பிப்பார்கள் என்று தெரிந்தே வைத்தேன்.

ஆ பகுதிக்கு: போனில் ஏற்பு கேட்ட இடமே ஒப்பந்தம் உருவான இடம் என்பது கேடியா வழக்கு. அது பேரணாம்பட்டு. ஆனால் சரக்கு இறங்கியது ஆம்பூரில். வழக்கின் காரணத்தில் ஒரு பகுதி எழுந்த இடத்திலும் வழக்குப் போடலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 20. 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூரோடு போனதை மட்டும் எழுதிவிட்டு நிற்பவருக்கு ஒரு மதிப்பெண்ணும் வேண்டாம்.