நேர்காணல் எப்படி இருந்தது? அக்கவுன்ட்ஸ் எக்சிகியூட்டிவ் பணி: என் கருத்து

வணக்கம் மேடம்,

நீங்கள் அனுப்பிய படிவத்தில் ஐந்துக்கு நான்கு போட்டிருக்கிறேன். கருத்துப் பெட்டியில் 200 எழுத்துக்கு மேல் ஏறவில்லை. மீதி இங்கே.

தேர்வு நன்றாக இருந்தது. 80 பில் உள்ள பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் GSTR-2B எக்செலையும் கொடுத்து ஒத்துப்பார்க்கச் சொன்னீர்கள். நம் புத்தகத்தில் 457 என்று இருக்கும் பில், 2B-யில் INV/457/24-25 என்று வரும். பில் எண்ணை மட்டும் வைத்து VLOOKUP போட்டால் #N/A தான் மிஞ்சும். சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் வரித்தொகையையும் சேர்த்துத் தேடத் தெரிகிறதா என்பதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஜர்னல் என்ட்ரியை ஒப்பிக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். ஆனால் கொடுத்த கணினியில் எக்செல் லைசென்ஸ் முடிந்திருந்ததால் கோப்பைத் திறக்க முடிந்ததே தவிர எதையும் திருத்த முடியவில்லை. வேறு கணினிக்கு மாறுவதற்குள் 45 நிமிடத்தில் 10 நிமிடம் போய்விட்டது, அதை யாரும் கூட்டித் தரவில்லை.

இரண்டாம் சுற்றை 20ஆம் தேதி காலை 11 மணிக்கு வைத்தீர்கள். மாதாமாதம் GSTR-3B தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் அன்று லீவு கேட்டாலே ஆபீசில் சந்தேகம் வந்துவிடும்! 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி GSTR-1. இந்தப் பணிக்கு ஆள் எடுக்கும்போது 22 முதல் 27க்குள் வைத்தால் நல்ல ஆட்கள் தவறாமல் வருவார்கள்.

அதற்குப் பிறகு 12 நாள் தகவலே இல்லை. ‘ஒப்புதலுக்குப் போயிருக்கிறது’ என்று ஒரு வாட்ஸ்அப் வந்திருந்தால் போதும்.

நான் ஒரு மதிப்பெண் குறைத்தது சம்பள விஷயத்துக்காக. போனில் மாதம் 40,000 என்றீர்கள். ஆஃபர் லெட்டரில் பேசிக் 20,000; கம்பெனி கட்டும் பி.எஃப். 2,400, கிராஜுவிட்டி 962 இரண்டும் அந்த 40,000க்குள்ளேயே இருக்கின்றன. என் பங்கு பி.எஃப். 2,400 போக, தொழில் வரிக்கு முன் கையில் வருவது 34,238. கணக்கில் தப்பில்லை, ஆனால் முதல் போனிலேயே கையில் வரும் தொகையைச் சொல்லியிருக்கலாம். இந்த விவரம் தெரியாமல் சரி என்று சொல்பவர்கள் ஆஃபர் லெட்டரைப் பார்த்த பிறகு பின்வாங்குவார்கள், நீங்கள் மறுபடி ஆள் தேட வேண்டியிருக்கும்.

நோட்டீஸ் பீரியட் 30 நாளையும் குறைக்கச் சொல்லி நெருக்காமல் விட்டதற்கு நன்றி. 3ஆம் தேதி காலை 9 மணிக்கு ரிலீவிங் லெட்டர், பான் நகல், UAN விவரத்துடன் வந்துவிடுகிறேன்.