காரைக்காலுக்குக் கிளம்புகிறேன்: நம்ம மாடி பார் ஆட்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு கவுண்டரை விட்டு இறங்குகிறேன். பாதிப் பேருக்கு முதலாளி சொல்லித் தெரிந்திருக்கும், மீதிப் பேருக்கு மாஸ்டர் நெத்திலியோடு சேர்த்துப் பரிமாறியிருப்பார், இருந்தாலும் நானே சொல்ல வேண்டும் இல்லையா, அதனால் இதை எழுதிக் கேஷ் டேபிளுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறேன்.

வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்காரி நர்ஸ், அவளைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். சின்னவனுக்கு இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்கவில்லை, போவதென்றால் இப்போதே போய்விடுவதுதான் நல்லது. அங்கே ஒரு ஹோட்டலில் பகல் வேலை கிடைத்திருக்கிறது. முதலாளிக்கும் எனக்கும் சண்டையாம் என்று யாரோ கிளப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்படி எதுவும் கிடையாது, சாமான் ஏற்ற டெம்போ பேசிக் கொடுத்ததே அவர்தான்.

எனக்குப் பதிலாக வரும் தம்பி நல்ல பையன், கை சுத்தம், வேகமும் இருக்கிறது. ஆனால் உங்களை அவனுக்குத் தெரியாது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் ‘என்ன வேணும்’ என்று கேட்காமலே கிளாஸ் எதிரில் வருகிற பழக்கம் உங்களுக்கெல்லாம் ஆகிவிட்டது, அது அறுந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கவலை. அதனால் நன்றி சொல்கிற சாக்கில் யாருக்கு என்ன, எப்படி என்பதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். தம்பி, இதை நீயும் நன்றாகப் படித்துக்கொள்.

முதலில் சொல்தா ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஜன்னல் ஓர நாற்காலி அவருடையது. அவருக்குப் பாஸ்டிஸ். அந்த பாட்டிலை நம்ம பாரில் அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை, தொட்டவர்கள் இருமல் மருந்து என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊற்றும் முறை முக்கியம். ஒரு பங்கு பாஸ்டிஸ், ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர். தண்ணீரை மெதுவாக விட வேண்டும், ஐஸ் கடைசியில்தான். அதில் இருக்கும் சோம்பு எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது, அதனால்தான் தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுக்கிறது. ஐஸை முன்னாலேயே போட்டுவிட்டால் எண்ணெய் உறைந்து மேலே ஏடு கட்டிவிடும், ஐயா ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், ஆனால் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விடுவார். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஜூலை 14ஆம் தேதி சாயங்காலம் மெடல் குத்திய கோட்டோடு வந்து உட்காருவார், அன்றைக்கு யாராக இருந்தாலும் அந்த நாற்காலியைக் கொடுக்காதே. ஐயா, மடியில் துணி விரிப்பதிலிருந்து கிளாஸைக் கீழே பிடித்து எடுப்பது வரைக்கும் நீங்கள் திருத்தித் திருத்தித்தான் எனக்கு இந்தத் தொழில் படிந்தது. ரொம்ப நன்றி.

அடுத்து ரோடியர் மில் அண்ணன்கள் மூன்று பேர். மில்லை 2020இல் மூடினார்கள், ஆனால் இவர்கள் மூன்று பேரும் இன்னும் ஷிப்ட் முடிந்து வருகிற மாதிரி ஒன்றாகத்தான் படியேறி வருவார்கள். ஒரு குவார்ட்டர் பிராந்தி, மூன்று கிளாஸ். 180 மில்லி, ஆளுக்கு 60. இதை அவர்கள் கையால் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள், நாம்தான் அளந்து ஊற்ற வேண்டும், ஏனென்றால் மூன்று பேரில் யார் ஊற்றினாலும் தனக்குக் குறைத்துக்கொண்டு மற்ற இரண்டு பேருக்கும் கூட ஊற்றுவார், அதிலேதான் தகராறே வரும். பச்சைத் தண்ணீர், ஐஸ் வேண்டாம், ஒரே ஒரு அவித்த முட்டை மூன்றாக வெட்டி மேலே மிளகுத்தூள். அண்ணன்களே, என் கல்யாணத்துக்கு மூன்று பேரும் ஒரே கலர் சட்டையில் வந்து பந்தியில் சாம்பார் வாளி தூக்கினீர்களே, என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் உங்களைப் பெண் வீட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வைத்திக்குப்பம் அண்ணனுக்கு ரம், லார்ஜ். வெயில் காலத்தில் சோடா. மார்கழி வந்துவிட்டால் வெந்நீர், அதில் இரண்டு கிராம்பு, நான்கைந்து மிளகு தட்டிப் போட வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீரில் ரம் விட்டால் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும், கை பொறுக்கிற சூடு போதும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் தேங்காய்த்திட்டில் கட்டிக் கிடக்கும், 61 நாளும் கையில் காசு புரளாது. அந்த நாட்களில் அண்ணன் லார்ஜ் கேட்க மாட்டார், ஸ்மால் போதும் என்பார். அதைக் கணக்கு நோட்டில் பின்பக்கத்தில் எழுது, கேட்காதே, நினைவுபடுத்தாதே. படகு இறங்கிய முதல் வாரத்தில் அவரே வந்து தீர்த்துவிடுவார், கூடவே சமையல்கட்டுக்கு ஒரு கூறு வஞ்சிரமும் வரும். எந்த வருடமும் அவர் கணக்கு ஆனி தாண்டியதில்லை.

டீச்சர் அக்காவும் அவர் தோழியும் சனிக்கிழமை மட்டும். ஜின்னில் பன்னீர் சோடா, பாதி எலுமிச்சை, நான்கு கறிவேப்பிலையைக் கையில் கசக்கிப் போட்டு. டானிக் தீர்ந்துபோன ஒரு நாளில் இருப்பதை வைத்து நான் கலந்து கொடுத்தது இது, அதற்கப்புறம் அவர்கள் டானிக் பக்கமே திரும்பவில்லை. பன்னீர் சோடாவிலேயே இனிப்பு இருக்கிறது, மேற்கொண்டு சர்க்கரைப் பாகு விடாதே. முதல் தடவை அவர்கள் படியேறி வந்தபோது மொத்த பாரும் திரும்பிப் பார்த்தது. அக்கா நிதானமாக உட்கார்ந்து ‘தம்பி, மெனு இருக்கா’ என்று கேட்டார். இப்போது அவர்கள் வராத சனிக்கிழமைகளில் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அக்கா, நீங்கள் வர ஆரம்பித்த பிறகுதான் நம்ம பாரில் கெட்ட வார்த்தையே குறைந்தது, இதை நான் மட்டும் சொல்லவில்லை, முதலாளியும் சொல்வார்.

லைம் சோடா சார் பற்றி. உப்பு போட்டது, இஞ்சி கொஞ்சம் தட்டி. மற்றவர்களுக்கு எந்த கிளாஸோ அதே கிளாஸில் கொடு, ஜூஸ் டம்ளரில் கொடுக்காதே. அவர் ஒரு காலத்தில் இங்கே நிறையக் குடித்தவர், டாக்டர் சொன்னதும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார், ஆனால் நண்பர்களை விடவில்லை. இங்கே வந்து, மணக்க மணக்க நான்கு பேர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு, பேசிச் சிரித்துவிட்டு, அவர்களைத் தன் வண்டியில் வீட்டில் இறக்கிவிட்டுப் போகிற மனுஷன். இந்தக் கவுண்டரில் நின்று நான் அதிகமாக மதித்தது யாரை என்று கேட்டால் இவரைத்தான் சொல்வேன். சார், உங்களிடம் நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

விழுப்புரம் பசங்களுக்கு பீர், நல்ல ஜில். வந்ததும் வண்டிச் சாவியைக் கவுண்டரில் வாங்கி வைத்துவிடு, பழகிவிட்டார்கள், கேட்காமலே தருவார்கள். கடைசி பஸ் நேரத்தை மட்டும் ஞாபகப்படுத்து.

என்னுடையது என்ன என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், வேலை நேரத்தில் தொட மாட்டேன் என்பதால் சொன்னதில்லை. ஓல்டு மாங்க், உயரமான கிளாஸில் சோடா, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. கோலா விடுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போனதில்லை, ஆனாலும் சொல்கிறேன், அந்த ரம்முக்கு என்று வெனிலா மாதிரி ஒரு வாசனை இருக்கிறது, கோலா விட்டால் அது மூழ்கிவிடும். அந்த ரம் வந்ததும் 1954, பிரெஞ்சுக்காரன் நம்ம ஊரைக் கைவிட்டுப் போனதும் 1954. இதைச் சொல்லிச் சொல்லி சொல்தா ஐயாவை ஒரே ஒரு தடவை ஒரு வாய் குடிக்க வைத்திருக்கிறேன்.

ஃபெஞ்சல் புயலைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி. மறுநாள் விடிந்து நான் வந்தபோது கீழே ஸ்டோர் ரூமில் இடுப்பளவு தண்ணீர், அட்டைப் பெட்டியெல்லாம் ஊறி பாட்டில்கள் மிதக்கின்றன, கரண்ட் இல்லை, போனும் இல்லை. யாரையும் கூப்பிடவும் வழியில்லை. மில் அண்ணன்கள் மூன்று பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தாங்களாகவே வந்து நின்றார்கள். பின்னாலேயே வைத்திக்குப்பம் அண்ணன், தன் வீட்டில் தண்ணீர் புகுந்திருந்தும், படகு டீசல் பம்ப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மதியம் வரைக்கும் இறைத்தோம். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மாடிக்குக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினோம், லேபிள் போனதே தவிர ஒரு பாட்டில் குறையவில்லை. டீச்சர் அக்கா கேஸ் அடுப்பில் பொங்கல் செய்து தூக்கில் கொண்டுவந்தார். அன்றைக்கு யாரும் ஒரு சொட்டு குடிக்கவில்லை. காரைக்காலுக்குப் போகிறோம் என்று முடிவானதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பகல்தான், அங்கே தண்ணீர் வந்தால் எனக்கு யார் வருவார்கள் என்று.

மாஸ்டர், உங்கள் நெத்திலி வறுவலால்தான் இங்கே பாதி வியாபாரம். வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு முதலில் தட்டை வைத்துவிட்டு ‘சாப்பிட்டால்தான் கிளாஸ் வரும்’ என்று அதட்டுவீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். முதலாளி, 2014இல் டேபிள் துடைக்க வந்தவனைக் கவுண்டருக்குள் கூப்பிட்டு அளவுக் குப்பியைக் கையில் கொடுத்தீர்கள். அளவு குறைத்து ஊற்று என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேறு இடங்களில் வேலை பார்க்கும் கூட்டாளிகள் சொல்லும் கதைகளைக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது.

போதும் அண்ணே என்று நான் சொன்ன நாட்களில் பலருக்கும் கோபம் வந்திருக்கிறது. ஆனால் மறுநாள் எல்லோரும் திரும்பி வந்தீர்கள், ஒருத்தர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. புதுத் தம்பி வயதில் சின்னவன், அவன் போதும் என்று சொன்னாலும் நான் சொன்னதாக நினைத்து எழுந்துவிடுங்கள், தயவுசெய்து.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், மாஸ்டர் காடை சொல்லியிருக்கிறார், தீர்ந்துவிடும். மாலை, சால்வை எல்லாம் வேண்டாம். நோட்டில் பாக்கி இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், கணக்கை அப்படியே தம்பியிடம் ஒப்படைத்திருக்கிறேன். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கோ, மாங்கனித் திருவிழாவுக்கோ காரைக்கால் பக்கம் வந்தால் முதலாளியிடம் என் நம்பரை வாங்கிக் கூப்பிடுங்கள். வீட்டில் இடம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கவுண்டர் தம்பி