ஆறுமுக ருத்ராட்சம், 21 மி.மீ., ஆய்வகச் சான்றிதழுடன்

இது எலியோகார்பஸ் மரத்தின் பழத்தினுள் விளைந்த இயற்கையான கொட்டை; துளையின் மேல்வாயிலிருந்து அடிவரை ஆறு கோடுகளும் இடையறாமல் ஓடுவதைக் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம். ஒரு முகத்தின் ஓரத்தில் மட்டும் மேடு சற்றுத் தேய்ந்துள்ளது. படத்தில் அதை மறைக்கவில்லை.

கோடுகளைச் செதுக்கி முகங்களைக் கூட்டிக் காட்டும் மணிகளும் சந்தையில் உலவுவதால், சான்றிதழில் எடை, அளவு ஆகியவற்றோடு இடம்பெற்றுள்ள எக்ஸ்-ரே படத்தில் ஆறு விதை அறைகள் தெரிவதையே நாங்கள் முதன்மையான சான்றாகக் கொள்கிறோம். விளைந்த இடத்தை அச்சான்றிதழ் உறுதிசெய்வதில்லை. நேபாளம் என்பது மணியை எங்களுக்கு வழங்கியவரின் ரசீதில் உள்ள விவரம். பெரிய அளவும் ஆழமான கோடுகளும் அதற்கு இசைவாக உள்ளன, ஆயினும் அவை மட்டுமே ஆதாரமாகிவிடா.

சைவ மரபில் ஆறுமுக மணி முருகப்பெருமானுக்கு உரியதாகப் போற்றப்படுகிறது. ஜபத்தில் மனம் ஒருமைப்படத் துணைபுரியும் என்று நம்பிப் பலர் அணிகின்றனர். இது நம்பிக்கை சார்ந்தது. நோய் தீரும், செல்வம் பெருகும் என்று நாங்கள் வாக்களிப்பதில்லை. மருத்துவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்த வேண்டாம்.

சான்றிதழிலுள்ள எடையுடனோ படத்துடனோ மணி பொருந்தாவிடில், பெற்ற 10 நாட்களுக்குள் திருப்பி அனுப்பி முழுத்தொகையையும் பெறலாம்.